பில் படங்கள் 48, உண்மையான பில்கள் 40: ஒரு மாதச் செலவைப் பிரித்துக் கூட்டிய கதை

உப்பிலியபுரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டில் சென்ற அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு சிறு பூசல். மச்சான் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாதம் 28,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்புகிறார். பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, வாங்குகிற எல்லாவற்றுக்கும் பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார். தங்கையும் ஒன்று விடாமல் அனுப்பினாள். மாத முடிவில் அவர் 48 படங்களையும் வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றின் அடியிலும் இருந்த தொகையை போன் கால்குலேட்டரில் கூட்டினார். 34,258 ரூபாய் வந்தது.

"நான் அனுப்பினது இருபத்தெட்டாயிரம். நீ செலவழிச்சது முப்பத்தி நாலாயிரமா? மிச்சத்தை யார்கிட்ட கடன் வாங்கினே?" என்று கேட்டுவிட்டார். தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடமும் அவள் கடன் வாங்கவில்லை. கையில் பணம் மிச்சம்கூட இருந்தது.

அந்த வாரம் நான் திருச்சியிலிருந்து துறையூர் வழியாக அங்கே போயிருந்தேன். நானும், கல்லூரியில் படிக்கும் மருமகளும், தங்கையும் உட்கார்ந்து அதே 48 படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தோம். இரண்டு மணி நேரத்தில் சரியான தொகை கிடைத்தது: 25,708 ரூபாய். 8,550 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது, எப்படிப் பிடித்தோம், அடுத்த மாதம் முதல் எப்படி எழுதுவது என்று பேசி வைத்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. தூரத்தில் இருக்கும் ஒருவர் சம்பாதிக்க, ஊரில் இருக்கும் ஒருவர் செலவு செய்யும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு இது பயன்படலாம்.

படம் எல்லாம் பில் ஆகாது

முதலில் தொகையைப் பார்க்காதீர்கள். இந்தக் காகிதம் என்ன வகை என்று மட்டும் பாருங்கள். பொருள் வாங்கியதற்கான பில் ஒன்றுதான் செலவுக் கணக்கில் சேர வேண்டும். தங்கையின் 48 படங்களில் எட்டு அப்படிப்பட்டவை அல்ல.

இரண்டு, ஒரே பில்லை இரண்டு தடவை எடுத்தவை. முதல் படம் மங்கலாக இருந்ததால் மறுநாள் மீண்டும் எடுத்து அனுப்பியிருந்தாள். 438 ரூபாயும் 315 ரூபாயும் இப்படி இரட்டிப்பாகியிருந்தன.

நான்கு, போனில் பணம் செலுத்தியதும் திரையில் வரும் பச்சை டிக் படம். கடைக்காரர் கொடுத்த பில்லும் இருக்கிறது, பணம் போனதற்கான திரைப்படமும் இருக்கிறது. இரண்டும் ஒரே செலவுக்கானவைதான். துறையூர் சூப்பர் மார்க்கெட் 1,284, மருந்துக் கடை 640, பெட்ரோல் 500, துணிக்கடை 1,180 என்று நான்கும் சேர்ந்து 3,604 ரூபாய் இரண்டாம் முறை எண்ணப்பட்டிருந்தது.

ஒன்று, எஸ்டிமேட். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று கடையில் எழுதிக் கொடுத்த 2,150 ரூபாய்ச் சீட்டு. வேலை நடக்கவே இல்லை. ஆனால் சீட்டில் கடையின் பெயரும், தேதியும், கூட்டுத் தொகையும் இருந்ததால் பார்ப்பதற்கு பில் மாதிரியே இருந்தது. 'எஸ்டிமேட்', 'கொட்டேஷன்' என்று மேலே எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எட்டாவது படம்தான் பிடிப்பதற்கு மிகவும் சிரமமானது. தெருமுனை மளிகைக் கடையில் தங்கைக்கு மாதக் கணக்கு உண்டு. அன்றன்று வாங்குவதற்குக் கடைக்காரர் துண்டுச் சீட்டு எழுதித் தருவார், மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் கொடுப்பாள். அந்த மாதம் ஒன்பது சீட்டுகள். ஒன்பதையும் அவள் படம் எடுத்திருந்தாள். 31-ஆம் தேதி பணம் கொடுத்தபோது '1,925 பெற்றுக்கொண்டேன்' என்று அவர் கொடுத்த ரசீதையும் படம் எடுத்திருந்தாள். ஒன்பது சீட்டுகளைக் கூட்டினாலும் அதே 1,925 தான். மச்சான் இரண்டையும் கூட்டிவிட்டார்.

இந்த மாதிரி இரட்டைகளைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லாப் படங்களின் தொகையையும் எழுதிய பிறகு, தேதி வரிசையில் இல்லாமல் தொகை வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒரே தொகை இரண்டு தடவை வந்தால் அவை பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். பிறகு தேதியையும் பில் எண்ணையும் பார்த்து முடிவு செய்யலாம். தேதி ஒன்றாக இருந்து பில் எண் வேறாக இருந்தால், அவை உண்மையிலேயே இரண்டு செலவுகள். தினமும் 50 ரூபாய்க்கு ஒரே பொருள் வாங்கும் வீட்டில் ஒரே தொகை பல தடவை வருவது இயல்பு. ஆனால் மாதக் கணக்கு அடைத்த ரசீது இந்தச் சோதனையில் சிக்காது, ஏனென்றால் 1,925 என்ற தொகை வேறு எங்கும் இல்லை. அதற்கு ஒரே வழி, சீட்டுகளை எழுதுவதா ரசீதை எழுதுவதா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வதுதான். நாங்கள் சீட்டுகளை எழுதுவது என்று முடிவு செய்தோம். அவற்றில்தான் என்ன வாங்கினோம் என்ற விவரம் இருக்கிறது. மொத்த ரசீதை, சீட்டுகளின் கூட்டல் சரியா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம்.

பில்லில் எந்த எண்ணை எடுப்பது?

எட்டுப் படங்களை நீக்கியும் 118 ரூபாய் இடித்தது. அது துறையூர் சூப்பர் மார்க்கெட் பில்லில் இருந்தது. அந்த நீளமான பில்லின் அடியில் ஐந்தாறு எண்கள் இருக்கின்றன. விற்பனை விலையின் மொத்தம் 1,402. தள்ளுபடி 118. கட்ட வேண்டியது 1,284. மச்சான் முதலில் கண்ணில் பட்ட பெரிய எழுத்து எண்ணான 1,402-ஐ எடுத்துக்கொண்டிருந்தார்.

எடுக்க வேண்டியது 'நெட் அமவுண்ட்' அல்லது 'பில் அமவுண்ட்' என்று இருக்கும் தொகை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதன் கீழே நாம் நீட்டிய நோட்டின் மதிப்பும், அவர்கள் திருப்பிக் கொடுத்த சில்லறையும் அச்சாகியிருக்கும். 500 ரூபாய் நோட்டு கொடுத்து 312 ரூபாய்க்கு வாங்கிய பில்லில் கடைசியாகத் தெரிகிற பெரிய எண் 500 ஆகவோ 188 ஆகவோ இருக்கலாம். இரண்டும் செலவு அல்ல.

ஜிஎஸ்டியிலும் தவறு நேரும். மளிகை, மருந்து, சோப்பு போன்றவற்றின் அதிகபட்ச சில்லறை விலையில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. பில்லின் அடியில் வரும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி அட்டவணை, அந்த விலைக்குள் வரி எவ்வளவு என்று காட்டுவதற்குத்தான். அதை மறுபடி கூட்டக் கூடாது. உணவகங்களில் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். அங்கே சாப்பாட்டு விலையின் கீழே வரியைச் சேர்த்து, அதற்கும் கீழே மொத்தத்தைப் போடுவார்கள். இரண்டிலும் விதி ஒன்றுதான்: கையிலிருந்து எவ்வளவு போனதோ அதையே எழுதுங்கள்.

கலவை பில்லைப் பிரிப்பது

இப்போது வகைப்படுத்தும் வேலை. பில் ஒன்றுக்கு வகை ஒன்று என்று வைத்தால் வேலை சுலபம்தான், ஆனால் கணக்கு பொய் சொல்லும். சூப்பர் மார்க்கெட் பில்லையே எடுத்துக்கொள்வோம். அதில் பருப்பு, எண்ணெய், மல்லி, பிஸ்கட் எல்லாம் சேர்த்து 845 ரூபாய். சலவைத் தூள், சோப்பு, பாத்திரம் துலக்குகிற பொருட்கள் 412 ரூபாய். பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் 145 ரூபாய். மூன்றும் சேர்ந்து 1,402. இந்த பில்லை அப்படியே 'மளிகை' என்று போட்டுவிட்டால், சோப்பு செலவும் படிப்புச் செலவும் மளிகைக்குள் ஒளிந்துகொள்ளும். பிறகு மளிகை அதிகமாகிவிட்டது என்று பருப்பைக் குறைக்கச் சொல்வார்கள்.

ஆகவே இந்த ஒரு பில் மூன்று வரிகளாகிறது. 118 ரூபாய்த் தள்ளுபடியை எந்த வரியில் கழிப்பது? சில கடைகளின் பில்லில் ஒவ்வொரு பொருளின் எதிரிலும் தள்ளுபடி போன விலையே இருக்கும். அப்போது பிரச்சினை இல்லை. அடியில் மொத்தமாகக் கழித்திருந்தால் எல்லா வரிகளுக்கும் விகிதப்படி பகிர வேண்டும். அதற்குக் கட்டிய தொகையை மொத்த விலையால் வகுத்து, வரும் எண்ணால் ஒவ்வொரு வரியையும் பெருக்கினால் போதும்:

```
1284 / 1402 = 0.9158
845 x 0.9158 = 774
412 x 0.9158 = 377
145 x 0.9158 = 133
```

774, 377, 133 மூன்றையும் கூட்டினால் 1,284. பைசாக்களை முழு ரூபாயாக்கும்போது சில சமயம் ஒரு ரூபாய் கூடவோ குறையவோ செய்யும். அப்போது பெரிய வரியில் அந்த ஒரு ரூபாயைச் சரிசெய்துவிடுங்கள். வரிகளின் கூட்டுத் தொகை பில்லுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இவ்வளவு பெருக்கல் வேண்டாம் என்பவர்கள் முழுத் தள்ளுபடியையும் பெரிய வரியில் கழித்துவிடலாம். அதிலும் தவறில்லை. ஆனால் எந்த முறையை எடுத்தாலும் மாதந்தோறும் அதையே செய்ய வேண்டும்.

எல்லா பில்லையும் இப்படிப் பிரிக்கத் தேவையில்லை. வேறு வகைப் பொருள் 50 ரூபாய்க்கும் குறைவாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவது என்று நாங்கள் ஒரு எல்லை வைத்துக்கொண்டோம். மளிகையோடு வந்த பத்து ரூபாய் பென்சிலுக்காக உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை.

வகைகளும் அதிகம் வேண்டாம். மருமகள் முதலில் 23 வகைகள் எழுதினாள். ஒவ்வொரு பில்லுக்கும் இது எதில் வரும் என்று விவாதம் தொடங்கியதும் பதினொன்றாகக் குறைத்தோம். விவாதத்துக்கு இடமான பொருட்களுக்கு மட்டும் விதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தோம். முட்டை இறைச்சியோடு சேரும். தேங்காய் காய்கறியோடு சேரும். குழந்தைக்கு வாங்கும் சத்து மாவு மருந்துக் கடையில் வாங்கினாலும் மளிகைதான். 'இதர' என்ற வகையை வேண்டுமென்றே வைக்கவில்லை. அது இருந்தால் யோசிக்கச் சோம்பல்படும்போதெல்லாம் எல்லாம் அதற்குள் போய்விடும்.

கூட்டுவதை அட்டவணையிடம் விடுங்கள்

நோட்டில் எழுதினாலும் கணக்கு வரும். போனில் இருக்கும் கூகுள் ஷீட்ஸில் எழுதினால் கூட்டல் தவறு வராது, மச்சானும் அங்கிருந்தே திறந்து பார்க்கலாம். ஐந்து பத்திகள் போதும்: A-யில் தேதி, B-யில் கடை, C-யில் பில் எண், D-யில் வகை, E-யில் தொகை. முதல் வரியில் தலைப்புகள், இரண்டாம் வரியிலிருந்து கணக்கு. கலவை பில்லின் மூன்று வரிகளுக்கும் ஒரே பில் எண்.

பக்கத்தில் G பத்தியில் பதினொரு வகைகளின் பெயர்களையும் G2 முதல் G12 வரை எழுதுங்கள். H2-வில் இந்தச் சூத்திரத்தை இட்டு, H12 வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SUMIF($D$2:$D$200,G2,$E$2:$E$200)
```

D பத்தியில் எங்கெல்லாம் அந்த வகையின் பெயர் இருக்கிறதோ, அந்த வரிகளின் தொகையை மட்டும் இது கூட்டித் தரும்.

பார்க்க அழகாகத் தொகைகள் வந்துவிடும். ஆனால் உடனே நம்பிவிடக் கூடாது. இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். முதலாவது:

```
=SUM(E2:E200)-SUM(H2:H12)
```

இதன் விடை 0 ஆக இருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் 642 வந்தது. அதாவது 642 ரூபாய் எந்த வகையிலும் சேராமல் தொங்கியது. தேடிப் பார்த்தால் ஒரு வரியில் 'மளிகை' என்பதற்குப் பிறகு தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. இன்னொரு வரியில் 'காய்கறி' என்பது 'காய்கரி' ஆகியிருந்தது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சூத்திரத்துக்கு வேறு வேறு. இதைத் தவிர்க்க D பத்திக்குப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதியை வைத்துவிடலாம். `Data validation` என்ற இடத்தில் G2:G12-ஐக் காட்டிவிட்டால், பெயரைத் தட்டச்சு செய்யாமல் தேர்ந்தெடுத்தால் போதும்.

இரண்டாவது சோதனை பலருக்கும் தெரியாதது:

```
=COUNTA(E2:E200)-COUNT(E2:E200)
```

இதுவும் 0 ஆக வேண்டும். தொகையை '640/-' என்றோ 'ரூ 640' என்றோ எழுதினால் அட்டவணை அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். அந்த வரி மொத்தத்திலும் சேராது, வகையிலும் சேராது. இரண்டிலும் விடுபட்டுப் போவதால் முதல் சோதனை 0 என்றே காட்டி ஏமாற்றிவிடும். இந்த இரண்டாவது சூத்திரம், எழுதப்பட்ட கட்டங்கள் எத்தனை, அவற்றில் எண்கள் எத்தனை என்று எண்ணி வித்தியாசத்தைச் சொல்லும். 2 என்று வந்தால் இரண்டு வரிகளில் கோளாறு.

தேதியிலும் ஒரு குழி இருக்கிறது. அட்டவணையின் நாடு அமெரிக்கா என்று இருந்தால், அக்டோபர் 5-ஐ 05/10 என்று எழுதும்போது மே 10 என்று எடுத்துக்கொள்ளும். கணினியில் `File`, `Settings`, `Locale` என்ற இடத்தில் `India` என்று மாற்றிவிடுங்கள்.

விடை

நாற்பது பில்களையும் எழுதி முடித்தபோது வந்த தொகைகள் இவை:

- மளிகை: 6,412
- காய்கறி, பழம்: 2,185
- மீன், இறைச்சி, முட்டை: 3,340
- பால்: 1,860
- சோப்பு, துப்புரவுப் பொருட்கள்: 1,108
- மருந்து, மருத்துவம்: 1,976
- படிப்பு: 1,450
- பெட்ரோல், பயணம்: 1,720
- கேஸ், மின்சாரம், போன்: 2,317
- துணி, அன்பளிப்பு: 2,640
- பள்ளிவாசல் சந்தா, மதரஸா: 700
- மொத்தம்: 25,708

மச்சான் போட்ட 34,258-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வரி வரியாக அவருக்கு அனுப்பினோம். இரட்டைப் படங்கள் 753, பணம் செலுத்திய திரைப்படங்கள் 3,604, எஸ்டிமேட் 2,150, மாதக் கணக்கு ரசீது 1,925, தவறாகப் படித்த தள்ளுபடி 118. மொத்தம் 8,550. மிச்சம் ஒரு ரூபாய்கூட இல்லை. வித்தியாசம் இவ்வளவு என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் மனம் சமாதானம் ஆகியிருக்காது. எந்தப் படம், ஏன் என்று காட்டியதால்தான் விஷயம் முடிந்தது.

அதோடு, சூப்பர் மார்க்கெட் பில்லைப் பிரிக்காமல் விட்டிருந்தால் மளிகை 6,922 என்று வந்திருக்கும். ஒரே ஒரு பில்லால் 510 ரூபாய் தவறு.

பில் இல்லாத செலவு எவ்வளவு?

பில்களின் கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டது. ஆனால் எல்லாச் செலவுக்கும் பில் வந்ததா? அதை பில்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பணத்தின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

மாதம் பிறந்த அன்று தங்கையின் கையிலும் வங்கிக் கணக்கிலுமாக 1,350 ரூபாய் இருந்தது. மச்சான் அனுப்பியது 28,000. மாதம் முடிந்த அன்று மிச்சம் 2,410. ஆக வெளியே போனது 1,350 + 28,000 − 2,410 = 26,940 ரூபாய். பில்கள் சொல்வது 25,708. இடைவெளி 1,232.

தங்கை யோசித்துச் சொன்னாள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கைமாற்றாக 500. ஊருக்கு வந்த உறவுக்காரப் பிள்ளையின் கையில் கொடுத்தது 300. மீதி 432 பஸ், டீ, இளநீர் என்று போயிருக்கும். இதில் 500 செலவே அல்ல, திரும்பி வர வேண்டிய பணம். அதைச் செலவு அட்டவணையில் எழுதாமல் தனியாக 'வர வேண்டியது' என்று தேதியோடு குறித்தோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் சொல்வதை நாம் அறிவோம். மற்ற 732 ரூபாயை 'பில் இல்லாதவை' என்று ஒரு வரியாகச் சேர்த்தோம். ஆக அந்த மாத உண்மைச் செலவு 26,440.

இந்த இடைவெளி மாதா மாதம் சில நூறு ரூபாய்க்குள் இருந்தால் கவலையில்லை. ஆயிரக்கணக்கில் போனால் பில்கள் விடுபடுகின்றன என்று பொருள். மாறாக, பில்களின் மொத்தம் வெளியே போன பணத்தைவிட அதிகமாக வந்தால், ஏதோ ஒன்று இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது, அல்லது கடனுக்கு வாங்கிய பொருளுக்கு இன்னும் பணம் போகவில்லை. மச்சானின் 34,258 இந்தச் சோதனையில் முதல் நிமிடத்திலேயே பிடிபட்டிருக்கும். தங்கை தெருமுனைக் கடையின் கணக்கை 31-ஆம் தேதியே அடைத்துவிட்டதால் எங்கள் வேலை எளிதானது. பாக்கி வைத்திருந்தால், அந்தப் பாக்கியை பில்களின் மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். சென்ற மாதப் பாக்கியை இந்த மாதம் அடைத்திருந்தால் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

படம் எடுக்கும்போதே சில கவனங்கள்

இப்போது கடைகளில் தரும் வழவழப்பான பில்லில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு அந்தத் தாளில் இருக்கிறது. அதனால் வெயிலிலும், எண்ணெய்க் கையிலும், பிளாஸ்டிக் உறையிலும் எழுத்து வெளிறிப் போகும். தங்கையின் பர்ஸில் இருந்த பெட்ரோல் பில் ஒன்று மூன்றே வாரத்தில் வெள்ளைத் தாளாகியிருந்தது. வாங்கிய அன்றே படம் எடுப்பது அதற்காகத்தான். மருந்து பில்லையும், உத்தரவாதம் உள்ள பொருட்களின் பில்லையும் படம் எடுத்த பிறகும் தூக்கிப் போட வேண்டாம். திருப்பிக் கொடுக்கப் போனால் கடையில் அசல் பில்லைத்தான் கேட்பார்கள்.

பில்லைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து எடுங்கள். கடைப் பெயர், தேதி, பில் எண், அடித்தொகை நான்கும் தெரிய வேண்டும். பில் நீளமாக இருந்தால் இரண்டு படங்களாக எடுத்து, கடைசி இரண்டு வரிகள் இரண்டிலும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும், சிறிய எழுத்துகள் கலங்கிப் போகும். `Document` என்று அனுப்பினால் சுருங்காது. செய்திகள் தானாக அழியும் வசதி போட்டு வைத்திருந்தால் பில் படங்களும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மீன்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் பில் எதிர்பார்க்க முடியாது. அதற்குத் தங்கையே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அன்றைய தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் ஓரத்தில் 'மீன் 280' என்று எழுதிப் படம் எடுத்துவிடுகிறாள். தேதி அதிலேயே அச்சாகியிருப்பதால் தனியாக எழுத வேண்டியதில்லை. பால்காரரின் மாத அட்டையை மாதக் கடைசியில் ஒரே படமாக எடுக்கிறாள். லிட்டர் 60 ரூபாய், 31 நாள், 1,860.

அடுத்த மாதத் திட்டத்துக்கு முன்

ஒரு மாதத் தொகையை அப்படியே அடுத்த மாதத் திட்டமாக எழுதிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. அது வரும் மாதம் கூடுதலாகவும், வராத மாதம் குறைவாகவும் தெரியும். அதைப் பாதியாக்கி இரண்டு மாதத்திலும் எழுத வேண்டும். கேஸ் சிலிண்டர் ஒன்று எத்தனை நாள் வருகிறது என்று பார்த்து அதையும் அப்படியே பகிரலாம். பள்ளிக் கட்டணத்தைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. ரமளான் மாதத்தில் மளிகை, பழம், இறைச்சி எல்லாமே மாறும், பெருநாளுக்குத் துணிச் செலவு வரும். பிறைக் கணக்கில் அந்த மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. 2025-ல் மார்ச் தொடக்கத்தில் ஆரம்பித்த நோன்பு, 2026-ல் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலேயே ஆரம்பித்தது. ஆகவே இந்த ஆண்டு மார்ச்சைச் சென்ற ஆண்டு மார்ச்சோடு ஒப்பிட்டால் கணக்கு குழப்பும். ரமளானை ரமளானோடுதான் ஒப்பிட வேண்டும். இந்தச் செலவு அட்டவணையை வைத்து ஜகாத் கணக்கிடலாமா என்று மருமகள் கேட்டாள். முடியாது. ஜகாத் செலவின் மீது அல்ல, கையிருப்பின் மீது. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

அன்றிரவு மச்சான் போன் செய்தார். துணிக்கும் அன்பளிப்புக்கும்தான் பணம் கரைகிறது என்று நினைத்திருந்தாராம். அது 2,640 தான். உணவுக்கான நான்கு வகைகளும் சேர்ந்து 13,797, அதாவது மொத்தத்தில் பாதிக்கும் மேல். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அதில் எதைக் குறைக்கச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "இனிமே பணம் கட்டின ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேணாம். பில்லை மட்டும் அனுப்பு, போதும்" என்றார்.